தகட்டில் உள்ள அளவுக்குத் தண்ணீர் தராத பம்பு: நிறுவனத்துக்கு எங்கள் சங்கம் எழுதிய கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தகட்டில் வினாடிக்கு 15 லிட்டர் என்று போட்டிருக்கிறது. தொட்டியில் 12.5 லிட்டர்தான் விழுகிறது. இதை எழுதி அனுப்பினால் போதாதா?"

எங்கள் பாசனக் கூட்டுறவுச் சங்கமும் முதலில் அப்படித்தான் எழுதியது. ஐந்து வரிக் கடிதம். ஒரு வாரத்தில் பதில் வந்தது: "உங்கள் குழாயில் உராய்வு அதிகம், பம்பில் குறை இல்லை." அது சரியா தவறா என்று சொல்ல எங்கள் கையில் ஓர் அளவும் இல்லை. செயலாளர் என்ற முறையில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டாவது கடிதம் எழுதுவதற்கு முன் மூன்று நாள் பம்பு அருகிலேயே இருந்து அளந்தோம்.

தகட்டை மறுபடி படித்துப் பாருங்கள். வினாடிக்கு 15 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 28 மீட்டர் ஹெட் என்று இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் வாக்குறுதி. மையவிலக்குப் பம்புக்கு இவ்வளவுதான் தரும் என்று ஒற்றை அளவு கிடையாது. குறைந்த உயரத்துக்குத் தூக்கச் சொன்னால் அதிகத் தண்ணீர் தரும், அதிக உயரத்துக்கு என்றால் குறைவாகத் தரும். குழாய் உராய்வும் பம்புக்கு உயரம் மாதிரிதான், அதையும் சேர்த்தே ஹெட் என்கிறோம். ஆகவே "12.5 லிட்டர் வருகிறது" என்பது பாதி வாக்கியம். "எந்த ஹெட்டில்?" என்று நிறுவனம் கேட்கும். கேட்பதும் நியாயம்.

"ஹெட் என்பதை எப்படி அளப்பது? கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை நாடா வைத்து அளந்தால் போதுமா?"

நாடா உயரத்தை மட்டும்தான் சொல்லும். எங்களுக்கு நாடாக் கணக்கு 18 மீட்டர்: நீர்மட்டத்திலிருந்து பம்பு வரை 3.5, பம்பிலிருந்து தொட்டியில் குழாய் வாய் வரை 14.5. குழாய், வளைவுகள், வால்வுகள், கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஆகியவற்றின் உராய்வு இதில் வராது. அதைப் புத்தகக் கணக்கில் ஊகித்து எழுதினால் அந்த ஊகத்தைப் பற்றியே நிறுவனத்தோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பம்பிலேயே அளந்துவிட்டால் குழாய் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

இரண்டு கேஜ் தேவை. டெலிவரி பக்கம் அழுத்தம் காட்டும் கேஜ், உறிஞ்சும் பக்கம் வெற்றிடம் காட்டும் கேஜ். பெரும்பாலான பம்புகளில் இரு வாய்களிலும் இதற்கென்றே சிறு திருகு மூடி போட்ட துளை இருக்கும். அதைக் கழற்றிக் கேஜைப் பொருத்த வேண்டும். வளைவுக்கோ பாதி திறந்த வால்வுக்கோ ஒட்டி வைத்தால் முள் பொய் சொல்லும்.

பம்பு வழக்கம்போல் ஓடும்போது எங்கள் அளவுகள் இவை. டெலிவரி கேஜ் 1.97 பார். ஒரு பார் என்பது 10.2 மீட்டர் நீர்மட்ட உயரம், எனவே இது 20.1 மீட்டர். உறிஞ்சும் பக்கம் 0.42 பார் வெற்றிடம், அதாவது 4.3 மீட்டர். வெற்றிடத்தைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும், ஏனென்றால் அந்த இழுப்பும் பம்பு செய்யும் வேலைதான். எங்கள் முதல் கணக்கில் இதைக் கழித்துவிட்டு விடை ஏன் ஒத்துவரவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். டெலிவரி கேஜ் மற்றதைவிட 0.4 மீட்டர் மேலே இருந்ததால் அதையும் கூட்டினோம். உறிஞ்சும் வாய் 100 மில்லிமீட்டர், டெலிவரி வாய் 80 மில்லிமீட்டர். சிறிய வாயில் நீர் வேகமாகப் போவதற்கான 0.2 மீட்டரும் சேர்ந்தது. மொத்தம் 25 மீட்டர்.

கேஜை நம்பலாமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பம்பை நிறுத்திவிட்டு, டெலிவரி குழாய் நிறைந்து நிற்கும்போது முள்ளைப் பாருங்கள். எங்கள் குழாய் வாய் டெலிவரி கேஜிலிருந்து 14.1 மீட்டர் மேலே இருக்கிறது, முள் 1.38 பார் காட்ட வேண்டும். காட்டியது. குழாயில் பம்பை அடுத்து, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருந்தால் இந்தச் சோதனை சரிப்படாது, எங்களிடம் ஃபுட் வால்வு மட்டுமே இருந்தது.

"எங்களிடம் தண்ணீர் மீட்டர் இல்லையே?"

எங்களிடமும் இல்லை. நேரான சுவர் கொண்ட தொட்டி இருந்தால் அதைவிட நம்பகமான மீட்டர் வேண்டியதில்லை. எங்கள் தொட்டியின் உள் அளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர். நீர்மட்டம் 50 சென்டிமீட்டர் உயர்ந்தால் 10,000 லிட்டர். மூன்று முறை நிரப்பினோம்: 13 நிமிடம் 15 வினாடி, 13 நிமிடம் 22 வினாடி, 13 நிமிடம் 24 வினாடி. சராசரி 800 வினாடி, ஆகவே வினாடிக்கு 12.5 லிட்டர்.

தொட்டியின் மதகை அடைத்துவிட்டு, நீர் வராமல் கால் மணி நேரம் விட்டுப் பார்த்து மட்டம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். கசியும் தொட்டியை வைத்துப் பம்பைக் குறை சொல்லக் கூடாது. வாளியில் பிடித்து அளப்பது இந்த அளவு நீருக்கு உதவாது, வாளி ஒரு வினாடிக்குள் நிரம்பிவிடும், கை நடுக்கமே பெரிய பிழையாகும்.

"குழாய்தான் காரணம் என்று அவர்கள் மறுபடியும் சொன்னால்?"

கடிதத்தின் உயிர்நாடி இங்கேதான். குழாய் குறுகலாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ பம்பு அதிக எதிர்ப்பைச் சந்திக்கிறது. அப்போது தண்ணீர் குறையும், ஆனால் பம்பில் அளக்கும் ஹெட் கூடும். நல்ல பம்பு 12.5 லிட்டர் மட்டுமே தரும்படி குழாய் நெரித்திருந்தால், அந்தப் பம்புக்கு நிறுவனம் தரும் வளைகோட்டின்படி கேஜ் கணக்கு 30.4 மீட்டர் காட்டியிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 25.

அதாவது தகட்டில் சொன்ன ஹெட்டைவிடக் குறைவான ஹெட்டில், சொன்ன தண்ணீரைவிடக் குறைவான தண்ணீர். எதிர்ப்பு குறைந்திருக்கும்போது நல்ல பம்பு 15 லிட்டரைத் தாண்டித்தான் தர வேண்டும். 25 மீட்டரில் அந்த வளைகோடு 17.6 லிட்டரைக் காட்டுகிறது. இரண்டும் ஒருசேரக் குறைந்திருக்கும்போது, பம்புக்கு அப்பால் இருக்கும் டெலிவரி குழாய் மேல் பழி போட வழியே இல்லை.

வளைகோடு என்பது நிறுவனம் அந்த மாடலுக்கு அச்சிட்டுத் தரும் வரைபடம். கிடைமட்டத்தில் தண்ணீர், செங்குத்தில் ஹெட். பம்போடு வந்த புத்தகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எந்தப் புகாரையும் நிலைநிறுத்த முடியாது.

இதை அளந்த பிறகு இன்னொன்றும் செய்தோம், அதுதான் பெரிய திருப்பம். டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மூடி, மொத்த ஹெட் சரியாக 28 மீட்டர் ஆகும் இடத்தில் நிறுத்தினோம். அவர்கள் வாக்குக் கொடுத்த அதே ஹெட். அங்கே 10,000 லிட்டர் நிரம்ப 19 நிமிடம் 36 வினாடி ஆனது. வினாடிக்கு 8.5 லிட்டர்! வழக்கமான ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு குறை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, அவர்கள் சொன்ன நிபந்தனையில் கிட்டத்தட்டப் பாதிக் குறை. முதல் கடிதத்தில் எங்கள் இழப்பை நாங்களே குறைத்து எழுதியிருந்தோம்.

"வால்வை முழுக்க மூடிப் பம்பை ஓட்டிப் பாருங்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். பம்பு வீணாகிவிடாதா?"

மையவிலக்குப் பம்பு என்றால் அரை நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. கேஜைப் படித்தவுடன் வால்வைத் திறந்துவிட வேண்டும். நீண்ட நேரம் விட்டால் உள்ளே சிக்கிய நீர் சூடாகி சீலைக் கெடுக்கும். பிஸ்டன், திருகு, பற்சக்கர வகைப் பம்புகளில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள், ஏதாவது ஒன்று வெடித்துவிடும். அச்சுவழி ஓட்டப் பம்புகளிலும் வேண்டாம், மூடிய வால்வில் அவற்றின் மோட்டார் சுமை ஏறும்.

மூடிய வால்வில் தண்ணீர் ஓடுவதில்லை. ஆகவே குழாய் உராய்வு இல்லை, உறிஞ்சும் குழாயின் உராய்வும் இல்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் விட்டமும் அதன் வேகமும்தான் அந்த ஹெட்டைத் தீர்மானிக்கின்றன. வளைகோட்டில் எங்கள் பம்புக்கு அது 36 மீட்டர். டெலிவரி கேஜில் 2.61 பார், உறிஞ்சும் பக்கம் 3.5 மீட்டர், கேஜ்களின் இடைவெளி 0.4. கூட்டினால் 30.5 மீட்டர்.

இந்த ஒரு சோதனை பல சந்தேகங்களைப் பிரித்துவிடுகிறது. மூடிய வால்வில் ஹெட் சரியாக இருந்து, தண்ணீர் ஓட ஓட மட்டும் வேகமாக விழுந்தால் உறிஞ்சும் பக்கத்தையும், இம்பெல்லர் வழிகளில் சிக்கிய குப்பையையும் பாருங்கள். தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் வேகம், சுழலும் திசை, இம்பெல்லர் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். எங்களுடையது இரண்டாம் வகை.

"நம் பக்கம் தவறு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?"

கடிதம் போவதற்கு முன் இதை மனசாட்சியோடு செய்ய வேண்டும். நிறுவனத்தின் ஆள் வந்து ஐந்து நிமிடத்தில் உங்கள் தவறைக் காட்டிவிட்டால் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கேட்கமாட்டார்கள்.

முதலில் சுழலும் திசை. மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறியிருந்தால் பம்பு பின்னோக்கிச் சுற்றும். தண்ணீர் நிற்காது, குறைவாக வந்துகொண்டே இருக்கும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. உறையில் உள்ள அம்புக்குறியோடு மோட்டார் விசிறி சுற்றும் திசையை ஒப்பிடுங்கள்.

அடுத்து வேகம். தகட்டில் நிமிடத்துக்கு 2900 சுற்று. எங்கள் அளவு 2905. வேகம் குறைந்தால் தண்ணீர் அதே விகிதத்திலும் ஹெட் அந்த விகிதத்தின் வர்க்கத்திலும் குறையும்: 2800 சுற்று என்றால் ஹெட்டில் ஏறத்தாழ 7 சதவீதம் போய்விடும். பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் பெல்ட் நழுவுவதை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம். மின்னழுத்தக் குறைவையும் பலர் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் மோட்டார் திணறாமல் ஓடும் வரை வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண்தான், மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினால் வேகம் சிறிதளவே இறங்கும். ஊகிக்காமல் சுற்றை அளந்துவிடுவதே நல்லது.

பிறகு காற்று. உறிஞ்சும் குழாயின் இணைப்பிலோ பம்பின் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டிலோ காற்று நுழைந்தால் தொட்டியில் விழும் நீர் பால் போல் வெளுத்து வரும், கேஜ் முள் நடுங்கும். எங்கள் முள் நடுங்கவில்லை. இருந்தாலும் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவி, இழுக்கிறதா என்று பார்த்தோம். ஃபுட் வால்வைத் தூக்கிச் சல்லடையைக் கழுவினோம். பம்பு ஓடும்போது நீர்மட்டம் இறங்கிச் சல்லடை வெளியே தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். உள்ளே சரளைக்கல் உருளும் ஓசை கேட்டால் அது இழுப்பு அளவுக்கு மீறிவிட்டதற்கான அடையாளம், எங்களுக்குக் கேட்கவில்லை.

கடைசியாக மோட்டாரின் மின்னோட்டம். தகட்டில் 15 ஆம்பியர், ஓடும்போது சுமார் 10. பம்பு சொன்ன வேலையைச் செய்திருந்தால் 12-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். பம்பு திணறவில்லை, உள்ளே ஏதும் உரசவும் இல்லை, குறைந்த வேலைதான் செய்கிறது என்பதே இதன் பொருள்.

"எவ்வளவு குறைந்தால் புகார் செய்ய உரிமை உண்டு? ஒரு லிட்டர் குறைந்தாலும் கேட்கலாமா?"

ஒரு லிட்டருக்கு எழுதாதீர்கள். பம்புச் சோதனைக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 9906. அதில் 1பி என்ற நிலையில் தண்ணீரில் 5 சதவீதமும் ஹெட்டில் 3 சதவீதமும், 2பி என்ற நிலையில் 8 சதவீதமும் 5 சதவீதமும் வித்தியாசம் அனுமதி. 10 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு பம்புகளுக்கு இன்னும் சற்றுத் தளர்வு உண்டு. எந்த நிலை என்பது வாங்கும்போது பேசிக்கொள்ள வேண்டியது, எங்கள் ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடத் தவறிவிட்டோம். இதோடு நம் தொட்டி அளவிலும் கேஜிலும் இரண்டு மூன்று சதவீதப் பிழை இருக்கும். நம் குறை இந்த எல்லைகளைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். 15-க்கு 8.5 என்பதில் யாரும் எல்லைக்கோட்டைத் தேட வேண்டியதில்லை.

"அந்த இரண்டாவது கடிதத்தைப் பார்க்கலாமா?"

முகவரிகளையும் எண்களையும் நீக்கிவிட்டுத் தருகிறேன்.

> அனுப்புநர்: செயலாளர், விவசாயிகள் பாசனக் கூட்டுறவுச் சங்கம்
> பெறுநர்: மேலாளர், பம்பு விற்பனை மற்றும் சேவைப் பிரிவு
>
> பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள பம்பு, தகட்டில் குறிப்பிட்ட நீரளவைத் தராதது
> பார்வை: எங்கள் முதல் கடிதமும் தங்கள் பதிலும் (நகல்கள் இணைப்பு 1)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்களிடம் வாங்கிய பம்பின் தகட்டில் 28 மீட்டர் ஹெட்டில் வினாடிக்கு 15 லிட்டர், நிமிடத்துக்கு 2900 சுற்று என்று உள்ளது. வரிசை எண்ணும் விலைப்பட்டியல் நகலும் இணைப்பு 2-ல் உள்ளன.
>
> குழாய் உராய்வே காரணம் என்ற தங்கள் பதிலைத் தொடர்ந்து, பம்பின் இரு வாய்களிலும் கேஜ் பொருத்தி மொத்த ஹெட்டை அளந்தோம். வேகம் 2905 சுற்று. மூன்று நிலைகளில் கிடைத்தவை:
>
> வால்வு முழுவதும் மூடியபோது: 30.5 மீட்டர். தங்கள் வளைகோட்டின்படி 36 மீட்டர்.
> வால்வைச் சரிசெய்து 28 மீட்டரில்: வினாடிக்கு 8.5 லிட்டர். வளைகோட்டின்படி 15 லிட்டர்.
> வால்வு முழுவதும் திறந்தபோது: 25 மீட்டரில் 12.5 லிட்டர். வளைகோட்டின்படி 17.6 லிட்டர்.
>
> டெலிவரி குழாயின் உராய்வு காரணமாக இருந்தால் பம்பில் அளந்த ஹெட் உயர்ந்திருக்க வேண்டும். மூன்று நிலைகளிலும் அது வளைகோட்டுக்குக் கீழே உள்ளது. நீரே ஓடாத நிலையிலும் 5.5 மீட்டர் குறைகிறது. சுழலும் திசை, உறிஞ்சும் குழாயின் இணைப்புகள், ஃபுட் வால்வு ஆகியவற்றைச் சோதித்த விவரமும் கேஜ் அளவுகளும் தொட்டிக் கணக்கும் இணைப்பு 3-ல் உள்ளன. பம்பு திறக்கப்படவில்லை, முத்திரை அப்படியே உள்ளது.
>
> கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> ஒன்று: இந்த வரிசை எண்ணுக்கான தொழிற்சாலைச் சோதனை அறிக்கையையும், அதில் பொருத்தப்பட்ட இம்பெல்லரின் விட்டத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
>
> இரண்டு: இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பொறியாளர் நேரில் வந்து எங்கள் முன்னிலையில் இதே மூன்று நிலைகளையும் அளக்க வேண்டும். தங்கள் சொந்தக் கேஜ்களைக் கொண்டுவருவதை வரவேற்கிறோம்.
>
> மூன்று: அளவுகள் ஒத்துவந்தால், தகட்டில் உள்ள நீரளவைத் தரும்படி பம்பைச் சரிசெய்தோ மாற்றியோ கொடுத்து, மறுசோதனை செய்து காட்ட வேண்டும். அப்போது மோட்டாரின் மின்னோட்டம் தகட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.
>
> நிர்வாகக் குழுவின் தீர்மான நகல் இணைப்பு 4.
>
> இப்படிக்கு,
> செயலாளர்

"காரணம் இம்பெல்லர் என்று தெரிந்திருந்தும் அதைக் கடிதத்தில் ஏன் நேரடியாக எழுதவில்லை?"

தெரியவில்லை, சந்தேகம்தான் இருந்தது. மூடிய வால்வில் ஹெட் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30.5-ஐ 36-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.92. புத்தகத்தில் இம்பெல்லர் விட்டம் 165 மில்லிமீட்டர், அதில் 0.92 பங்கு 152. இந்தக் கணக்கு தோராயமானது. உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்து நீர் திரும்பிக் கசிந்தாலும் ஹெட் ஓரளவு குறையும்.

நோயைப் பெயர் சொல்லிவிட்டு அது வேறாக இருந்துவிட்டால், "நீங்கள் சொன்னது தவறு" என்ற ஒற்றை வரியில் புகாரை மூடிவிடலாம். நாங்கள் கண்டதை எழுதினோம், விட்டம் எவ்வளவு என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல அவர்கள் தங்கள் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

"பம்பைத் திறந்து பார்த்துவிட்டே எழுதியிருக்கலாமே?"

திறக்கவே கூடாது. திறந்த பம்பில் கண்ட எந்தக் குறையையும் "நீங்கள் கழற்றியபோது நேர்ந்தது" என்று சொல்லிவிட முடியும், பல உத்தரவாதங்கள் அத்தோடு முடிந்தும் விடும். எங்கள் உறுப்பினர்கள் இரண்டு பேர் ஸ்பானரோடு வந்துவிட்டார்கள், பொறுத்திருக்கச் சொல்லித் தடுத்தேன். பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது அப்படிச் சொல்வது எளிதல்ல. அதுவரை முறைவைத்து, ஒவ்வொரு வயலுக்கும் பாசன நேரத்தைக் கூட்டிக் கொடுத்துச் சமாளித்தோம்.

"கடைசியில் என்ன நடந்தது?"

பன்னிரண்டாம் நாள் பொறியாளர் வந்தார். தன் கேஜ்களைப் பொருத்தி வால்வை மூடினார். 30.3 மீட்டர் என்று வந்ததும் மறு பேச்சின்றிப் பம்பைத் திறக்கச் சொன்னார். அவரே காலிப்பரை வைத்து அளந்தார்: 152 மில்லிமீட்டர்.

அதே உறையில் இரண்டு மாடல் பம்புகள் செய்கிறார்களாம். குறைந்த ஹெட் மாடலுக்கு இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்குவார்கள். பம்புத் தொழிலில் இது வழக்கமான, முறையான செயல். எங்கள் பம்பில் சிறிய இம்பெல்லர் இருந்தது, தகடு பெரிய மாடலுடையது.

இரண்டு வாரத்தில் 165 மில்லிமீட்டர் இம்பெல்லரும் புது கேஸ்கட்டும் போட்டார்கள். அதே தொட்டியில் மறுபடி நிரப்பினோம். 11 நிமிடம் 16 வினாடி, வினாடிக்கு 14.8 லிட்டர், ஹெட் 27.7 மீட்டர். மின்னோட்டம் 12.2 ஆம்பியர், மோட்டாரின் எல்லைக்குள்தான். அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, பொறியாளரும் நானும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

"கேஜ்களை இப்போது கழற்றிவிடலாமா?"

டெலிவரி கேஜை மட்டும் விட்டுவையுங்கள், அதற்கு முன் ஒரு சிறு கேஜ் வால்வு போட்டு, படிக்கும்போது மட்டும் திறங்கள். எப்போதும் அதிர்ந்துகொண்டே இருந்தால் முள் சீக்கிரம் கெடும். நாங்கள் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வால்வை மூடி ஒருமுறை அளந்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்கிறோம். சென்ற முறை 35.6 மீட்டர்.